தேடல் சரியான பத்தியை எடுக்கிறதா? கைப்பட எழுதிய கேள்விகளால் ஹிட் ரேட் கணக்கிடும் முறை

ஓர் ஆவணத் தொகுப்பை வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு விடை சொல்லும் அமைப்பு எதுவும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில், கேட்கப்பட்ட கேள்விக்குப் பொருந்தக்கூடிய சில பத்திகளைத் தொகுப்பிலிருந்து தேடி எடுக்கிறது. பிறகு, அந்தப் பத்திகளை மொழி மாதிரியிடம் கொடுத்து விடையை எழுதச் சொல்கிறது. விடை தவறாக வரும்போது பெரும்பாலோர் இரண்டாவது வேலையைத்தான் சந்தேகிக்கிறார்கள். மாதிரியை மாற்றிப் பார்க்கிறார்கள், அதற்குக் கொடுக்கும் அறிவுரையைத் திருத்தி எழுதுகிறார்கள். ஆனால் விடை இருக்கும் பத்தியே கைக்கு வந்து சேரவில்லை என்றால், அதற்குப் பிறகு எதைத் திருத்தியும் பயனில்லை. ஆகவே தேடல் என்ற முதல் படியைத் தனியாகப் பிரித்து அளக்க வேண்டும். அதற்கான எளிய அளவை ஹிட் ரேட்.

இதன் வரையறை ஒரே வரியில் அடங்கிவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பத்தி எது என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கிறோம். தேடல் திருப்பித் தரும் முதல் k பத்திகளுக்குள் அது இருந்தால் அந்தக் கேள்வி ஒரு ஹிட், இல்லையென்றால் தவறல். ஹிட்டுகளின் எண்ணிக்கையை மொத்தக் கேள்விகளால் வகுத்தால் கிடைப்பதே ஹிட் ரேட். வகுத்தலில் சிக்கல் எதுவும் இல்லை. கேள்விகளை எழுதுவதிலும், "சரியான பத்தி" எது என்று முடிவு செய்வதிலும்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் தமிழ் உரையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 31 பிரிவுகளே உள்ள சிறிய சட்டம் இது. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். பழகுவதற்கு இத்தகைய சிறு தொகுப்பே ஏற்றது, ஏனென்றால் கேள்விக்குரிய விடை எங்கே இருக்கிறது என்பதை எழுதுபவரால் உறுதியாகச் சொல்ல முடியும். உட்பிரிவு வாரியாக இந்த உரையை ஏறத்தாழ 120 பத்திகளாக வெட்டியிருக்கிறோம் என்றும், கேள்வி ஒவ்வொன்றுக்கும் முதல் 5 பத்திகளை மொழி மாதிரியிடம் கொடுக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம்.

கேள்விகளை எழுதும்போது பலரும் செய்வது இதுதான்: சட்டப் பிரிவைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வாக்கியத்தையே வினாவாக்கிவிடுவார்கள். "பொதுத் தகவல் அலுவலர் கோரிக்கை பெறப்பட்ட எத்தனை நாட்களுக்குள் தகவலை வழங்க வேண்டும்?" என்ற கேள்வியில் உள்ள சொற்களில் பெரும்பாலானவை பிரிவு 7(1)-இல் அப்படியே இருக்கும். சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் மிக எளிய தேடலும் அதைக் கண்டுபிடித்துவிடும். ஹிட் ரேட் 90 விழுக்காட்டைத் தாண்டும். அமைப்பு மக்களிடம் போன அன்றே அந்த எண் பொய்யாகிவிடும். மனு எழுதப் போகிறவர் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: "மனு கொடுத்து எத்தனை நாளில் பதில் வரும்?" இந்தக் கேள்விக்கும் பிரிவு 7(1)-க்கும் பொதுவாக உள்ள சொற்கள் மிகக் குறைவு. கேள்வித் தொகுப்பு இந்த இடைவெளியை அப்படியே வைத்திருக்க வேண்டும். பயன்படுத்துவோர் உண்மையிலேயே கேட்ட கேள்விகள் கிடைத்தால் அவற்றை எழுத்துப் பிழையோடு சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால், சட்டத்தைப் படிக்காத ஒருவரிடம் சூழ்நிலையை மட்டும் சொல்லி, அவரே கேள்வியை எழுதும்படி செய்யலாம். அதற்கான பிரிவை நாம் பிறகு தேடிக் குறித்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை 40 இருந்தால் தொடங்கிவிடலாம். அவை தொகுப்பு முழுவதிலும் பரவியிருக்க வேண்டும். நாள் கணக்கைப் பற்றியே 20 கேள்விகள் எழுதுவது எளிது, ஆனால் அது பெரும்பாலும் பிரிவு 7-ஐத்தான் சோதிக்கும்.

அடுத்தது, சரியான பத்தியைக் குறித்தல். "57-ஆம் பத்தி" என்று வரிசை எண்ணைக் குறிப்பது முதலில் வசதியாகத் தோன்றும். நாளை பத்திகளை வேறு நீளத்தில் வெட்டிப் பார்க்க நினைத்தால் எல்லா எண்களும் இடம் மாறிவிடும், குறித்ததெல்லாம் வீணாகும். பிரிவு எண்ணைக் குறிப்பது இதைவிட மேல். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. பிரிவு 20(1) மிக நீண்ட வாக்கியம். தகவல் தராமல் தாமதிக்கும் அலுவலர்மீது நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தத்தில் 25,000 ரூபாய்க்கு மேற்படாமல் தண்டம் விதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எந்தெந்தத் தவறுகளுக்கு என்ற நீண்ட பட்டியல் அதற்கு முன்னால் வருகிறது. குறிப்பிட்ட நீளத்தில் இயந்திரத்தனமாக வெட்டினால், பட்டியல் ஒரு பத்தியிலும் தொகை அடுத்த பத்தியிலும் போய்விடும். இரண்டுமே 20(1) என்ற அடையாளத்தோடு இருப்பதால், தொகை இல்லாத பாதியை எடுத்து வந்தாலும் அது ஹிட் என்று கணக்காகிவிடும்.

இதைத் தவிர்க்க, விடையைத் தாங்கி நிற்கும் சிறு சொற்றொடரை மூல உரையிலிருந்து அப்படியே எடுத்துக் கேள்வியோடு சேர்த்து வைப்பது என் வழக்கம். அந்தச் சொற்றொடர் தொகுப்பில் வேறெங்கும் வராத அளவுக்கு நீளமாகவும், வெட்டும்போது இரண்டாக உடையாத அளவுக்குக் குறுகலாகவும் இருக்க வேண்டும். ஐந்து முதல் எட்டுச் சொற்கள் பெரும்பாலும் போதும். எடுத்து வந்த பத்திக்குள் அது இருந்தால் ஹிட். பத்திகளை எப்படி மாற்றி வெட்டினாலும் குறித்தது நிலைத்து நிற்கும்.

```python
import unicodedata

def clean(s):
    return " ".join(unicodedata.normalize("NFC", s).split())

def hit_rate(questions, search, k):
    hits = 0
    for q in questions:
        found = [clean(p) for p in search(q["text"], k)]
        keys = [clean(s) for s in q["keys"]]
        if any(s in p for s in keys for p in found):
            hits += 1
    return hits / len(questions)
```

இதில் `clean` என்ற பகுதியைத் தமிழில் வேலை செய்பவர்கள் விட்டுவிடக் கூடாது. "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்த உரையும் நாம் தட்டச்சு செய்த சொற்றொடரும் இந்த வகையில் முரண்பட்டால், சரியான பத்தி முதல் இடத்தில் வந்து நின்றாலும் தவறல் என்றே பதிவாகும். `NFC` என்ற வடிவத்துக்கு இரண்டையும் மாற்றிவிட்டு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்போடு "ள" என்ற எழுத்தைத் தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது, அதைக் கையால்தான் திருத்த வேண்டும். முதன்முறை ஓட்டும்போது ஹிட் ரேட் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால் தேடலைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனி ஐந்து கேள்விகளை மட்டும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். "தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமா?" என்பதற்கு உரிய பிரிவு 6(2), அது முதல் இடத்தில் வந்தது என்று கொள்வோம். "வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர் பணம் கட்ட வேண்டுமா?" என்பதற்கு 7(5), இரண்டாம் இடம். "தாமதித்த அதிகாரிக்கு எவ்வளவு அபராதம்?" என்பதற்கு 20(1), நான்காம் இடம். "வேறு துறைக்குக் கொடுக்க வேண்டிய மனுவை இங்கே கொடுத்துவிட்டேன், என்ன ஆகும்?" என்பதற்கு 6(3), முதல் இடம். "30 நாளாகியும் பதில் இல்லை, அடுத்து யாரிடம் போவது?" என்பதற்கு 19(1), அது முதல் ஐந்துக்குள் வரவே இல்லை. முதல் இடத்தை மட்டும் எண்ணினால் ஐந்தில் இரண்டு, அதாவது 40 விழுக்காடு. முதல் மூன்றை எண்ணினால் 60, முதல் ஐந்தை எண்ணினால் 80. ஒரே தேடல், ஒரே கேள்விகள், மூன்று எண்கள். ஆகவே "ஹிட் ரேட் 80" என்று மட்டும் ஒருவர் சொன்னால், எந்த k என்று கேட்காமல் அதை ஏற்கக் கூடாது.

எந்த k-ஐ எடுப்பது என்பதற்கு விடை எளிது: மொழி மாதிரியிடம் உண்மையில் எத்தனை பத்திகள் போகின்றனவோ அதுவே k. ஐந்தைக் கொடுத்துவிட்டு முதல் இருபதுக்கான ஹிட் ரேட்டைக் காட்டுவதில் பொருள் இல்லை. இரண்டாம் கட்டமாகப் பத்திகளை மறுவரிசைப்படுத்தும் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த இருபது உதவும், ஏனென்றால் மறுவரிசைக்குள் நுழைவது அந்த இருபதுதான்.

எண்ணைப் படிக்கும் முன், குருட்டாம்போக்கில் எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேள்விக்கு ஒரே பத்திதான் சரி என்றால், 120 பத்திகளில் எவையேனும் ஐந்தை எடுப்பவருக்கும் 4 விழுக்காடு கிடைக்கும். அதே சட்டத்தைப் பிரிவுக்கு ஒன்றாக 31 பெரிய பத்திகளாக வெட்டினால், தேடலே இல்லாமல் 16 விழுக்காடு கிடைத்துவிடும். பத்தியைப் பெரிதாக்கினால் ஹிட் ரேட் உயரும் என்பதைப் பலர் கண்டுபிடித்து மகிழ்கிறார்கள்; அதில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலிருந்து தானாக வருவது, தேடல் மேம்பட்டதால் வருவது அன்று. வெவ்வேறு நீளமுள்ள பத்திகளை ஒப்பிட வேண்டுமானால் k-ஐச் சமமாக வைப்பதை விட்டு, மாதிரியிடம் போகும் மொத்தச் சொற்களின் எண்ணிக்கையைச் சமமாக வைப்பதே நியாயம்: சிறு பத்திகளில் பத்து, பெரும் பத்திகளில் மூன்று என்பது போல.

தவறிய கேள்விகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் இந்த வேலையில் மிகுந்த பலன் தரும் பகுதி. மேலே தவறிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "30 நாளாகியும் பதில் இல்லை, அடுத்து யாரிடம் போவது?" என்று கேட்டால், தேடல் 7(1)-ஐ முதலில் கொண்டுவரும், ஏனென்றால் 30 நாள் கெடு அங்கேதான் இருக்கிறது. அடுத்து 7(2) வரலாம். கெடுவுக்குள் முடிவு சொல்லாவிட்டால் கோரிக்கை மறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது அந்த உட்பிரிவு. நமக்கு வேண்டிய 19(1), அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. கேட்டவர் "மேல்முறையீடு" என்ற சொல்லை அறிந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார். இது தேடலின் உண்மையான குறை.

ஆனால் இதே கேள்வி இன்னொன்றையும் வெளிக்கொண்டு வருகிறது. பதிலே வராதபோது தகவல் ஆணையத்திடம் நேரடியாகப் புகார் செய்யலாம் என்று பிரிவு 18(1) சொல்கிறது. தேடல் அந்தப் பத்தியை எடுத்து வந்திருந்தால் அதை ஹிட் என்று எண்ணுவதா? 18-ஆம் பிரிவின் கீழ் வரும் புகாரில் தகவலைக் கொடுக்கும்படி ஆணையம் உத்தரவிட முடியாது, அதற்கு 19-ஆம் பிரிவின் மேல்முறையீடே வழி என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் மணிப்பூர் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்திருக்கிறது. தகவல் வேண்டும் என்பவருக்கு 19(1), அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும் என்பவருக்கு 18(1) என்று விடை பிரிகிறது. கேள்வியோ இரண்டில் எது என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் இரண்டு சொற்றொடர்களையும் ஏற்கத்தக்கவையாகக் குறிக்கலாம், அல்லது கேள்வியைத் தெளிவாக்கலாம். இரண்டாவதை நான் தயக்கத்தோடுதான் செய்வேன். மக்கள் இப்படித் தெளிவில்லாமல்தான் கேட்பார்கள் என்பதும் உண்மை. எப்படியானாலும், முடிவை ஓட்டத்துக்கு முன் எடுத்துக் கோப்பில் எழுதிவிட வேண்டும். தேடல் எடுத்து வந்ததைப் பார்த்த பிறகு, "இதுவும் ஒரு வகையில் சரிதானே" என்று குறிப்பைத் தளர்த்தத் தொடங்கினால் அந்த எண் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும்.

வேறொரு வகைப் பொறியும் உண்டு. "விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு?" என்ற கேள்வியை யாரும் எழுதுவார்கள், பிரிவு 6(1)-ஐச் சரியான பத்தியாகக் குறித்தும் விடுவார்கள். அந்தப் பிரிவோ, வகுத்துரைக்கப்படும் கட்டணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான 10 ரூபாய் என்ற தொகை, சட்டத்தில் இல்லை, விதிகளில் இருக்கிறது. தேடல் 6(1)-ஐ முதலிடத்தில் எடுத்து வந்தாலும் கேட்டவருக்கு விடை கிடைக்காது. ஹிட் மட்டும் பதிவாகும். விடையைத் தாங்கும் சொற்றொடரைக் குறிக்கும் முறை இந்தத் தவறை எழுதும்போதே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் எடுத்து வைக்க ஒரு தொகையைத் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. தொகுப்பில் விடையே இல்லாத இத்தகைய கேள்விகளை ஹிட் ரேட் கணக்கில் சேர்க்கக் கூடாது. "விடை இல்லை" என்று அமைப்பு ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேறு கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் சொல் ஒப்பீட்டை நம்பும் தேடலில் திரும்பத் திரும்பக் காணப்படும் தவறலுக்குக் காரணம் வேற்றுமை உருபுகள். "மேல்முறையீடு" என்று கேட்டால், "மேல்முறையீட்டை", "மேல்முறையீட்டுக்கு" என்று மட்டும் உள்ள பத்தி அதற்கு முற்றிலும் அந்நியச் சொல் உள்ள பத்தி. பின்னொட்டை மட்டும் வெட்டினாலும் போதாது. "டு" என்பது "ட்டு" என்று உருமாறியிருக்கிறது. சொற்களை மூன்று நான்கு எழுத்துத் துணுக்குகளாக உடைத்து அட்டவணைப்படுத்துவது எளிய மருந்து. "அபராதம்" என்று கேட்பவருக்குத் "தண்டம்" என்று எழுதியிருக்கும் பத்தியை அது எடுத்துத் தராது. அங்கே பொருளை ஒப்பிடும் எம்பெடிங் வகைத் தேடல் வேண்டும். தவறிய கேள்விகளுக்குப் பக்கத்தில் காரணத்தை இரண்டு சொற்களில் எழுதி வைத்தால், எந்த மருந்து எத்தனை கேள்விகளைக் காப்பாற்றும் என்பது தானே தெரிந்துவிடும்.

மாற்றம் செய்த பிறகு மீண்டும் ஓட்டுகிறோம். முன்பு 40-இல் 28, இப்போது 31. உயர்ந்ததாகக் கொண்டாடலாமா? 40 கேள்விகளில் 28 சரி என்பது 70 விழுக்காடு. இதே போன்ற வேறு 40 கேள்விகளை எழுதியிருந்தால் எண் எவ்வளவு மாறியிருக்கும் என்பதைக் கணக்கிட்டால், உண்மை அளவு ஏறத்தாழ 55-இலிருந்து 82 வரை எங்கும் இருக்கலாம். 31 என்பது 77.5 விழுக்காடு, அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் கேள்விகள் இரண்டு முறையும் ஒன்றே என்பதால், இதைவிடக் கூர்மையாகப் பார்க்க வழி உண்டு: எந்தக் கேள்விகள் மாறின என்பதை மட்டும் எண்ணலாம். புதிதாக நான்கு சரியாகி, முன்பு சரியாக இருந்த ஒன்று தவறியிருந்தால், மாறியவை ஐந்து. மாற்றத்தால் எந்த நன்மையும் இல்லாதபோதும், ஐந்தில் நான்கோ ஐந்துமோ ஒரே திசையில் சாய்வது எட்டில் மூன்று முறை நடக்கும். நாணயத்தை ஐந்து முறை சுண்டிப் பார்த்தால் தெரியும். ஆறு கேள்விகள் சரியாகி ஒன்றுகூடத் தவறவில்லை என்றால், அப்படி ஆறும் ஒரே திசையில் சாய்வது 32-இல் ஒரு முறையே தற்செயலாக நேரும்; அப்போது நம்பலாம். அதைவிடச் சிறிய முன்னேற்றங்களை அளக்க விரும்புகிறவருக்கு 40 கேள்விகள் போதாது, 150-ஓ 200-ஓ எழுதியாக வேண்டும்.

மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய கேள்விகளையே கடைசி மதிப்பெண்ணுக்கும் பயன்படுத்தினால், அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பொருந்தும் அமைப்பு உருவாகிவிடும். மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, தவறியவற்றைத் திறந்து பார்க்கும் வேலையை மீதியில் மட்டும் செய்ய வேண்டும். ஒதுக்கியதை ஓட்டும்போது எண்ணை மட்டும் பார்ப்பது, கேள்வியைப் பார்க்காமல் இருப்பது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் ஒதுக்கியும் பயனில்லை.

ஹிட் ரேட்டுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. சரியான பத்தி முதலில் வந்ததா ஐந்தாவதாக வந்ததா என்பதை அது கேட்பதில்லை. அது தேவைப்பட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றை இடத்தின் எண்ணால் வகுத்துச் சராசரி எடுக்கலாம்: முதலிடத்துக்கு 1, நான்காம் இடத்துக்கு 0.25, தவறலுக்குச் சுழியம். மேலே பார்த்த ஐந்து கேள்விகளுக்கு இது 0.55 என்று வரும். இரண்டாவது, ஒரே விடைக்கு இரண்டு பத்திகள் சேர்ந்து வேண்டியிருக்கும் நிலை. "பதில் வராமல் போனால் எந்த நாளிலிருந்து கணக்கிட்டு, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு 7(1)-இன் கெடுவும் 19(1)-இன் கெடுவும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். மேலே உள்ள நிரலில் `any` என்பது இரண்டில் ஒன்று வந்தாலே ஹிட் என்று எண்ணிவிடும். இத்தகைய கேள்விகளுக்குத் தனி அடையாளம் இட்டு, எல்லாச் சொற்றொடர்களும் எடுத்த பத்திகளுக்குள் எங்கேனும் வந்திருந்தால் மட்டும் ஹிட் என்று எண்ணும்படி நிபந்தனையை மாற்ற வேண்டும். இவற்றின் ஹிட் ரேட் ஒற்றைப் பத்திக் கேள்விகளைவிடக் குறைவாகவே வரும் என்பதால், இரண்டையும் ஒரே சராசரியில் கலக்காமல் தனித்தனி வரியில் எழுதுவதே முறை.